படத்தை மட்டும் வைத்து ஸ்ட்ரோலர் எந்த மாடல் என்று கண்டுபிடிக்க முடியுமா? சிஇ முத்திரை இருந்தால் போதுமா?

நித்யமல்லி

வணக்கம் மக்களே. ஏற்கெனவே ஒரு வீட்டில் பயன்படுத்திய ஸ்ட்ரோலர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இல்லை, விற்பவர் மூன்று படம் அனுப்பியிருக்கிறார், அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் படத்தில் பக்கவாட்டில் முழு வண்டி. சாம்பல் நிறத் துணி, மேலே குடைத்துணியில் வெள்ளை நூலில் தைத்த ஒரு பிராண்ட் பெயர். இரண்டாவது, மடித்து வைத்த நிலையில். மூன்றாவது, பின்காலில் ஒட்டிய வெள்ளி நிற ஸ்டிக்கர். அதில் சிஇ முத்திரையும் 2019 என்ற ஆண்டும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

"ஐரோப்பிய சர்டிபிகேட் உள்ள வண்டி, பயப்படாமல் வாங்குங்கள்" என்கிறார். குழந்தைக்கு இன்னும் கழுத்து முழுதாக நிற்கவில்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் பயம். இது எந்த மாடல் என்று சொல்ல முடியுமா? அந்த முத்திரையை எங்கே சரிபார்ப்பது?

வேலு_ஓட்டுநர்

படத்தை இமேஜ் சர்ச்சில் போட்டேன், உடனே வந்துவிட்டது. குடைத்துணியில் இருக்கும் அதே பெயர், அதே சாம்பல் நிறம், 2018-க்கு அப்புறம் வந்த மாடல். ஸ்டிக்கரில் 2019 என்று இருப்பதோடு சரியாகப் பொருந்துகிறது. மாடல் விஷயம் முடிந்தது.

ஆனால் சிஇ-யைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு எழுத்தும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உண்மையான ஐரோப்பிய முத்திரையில் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். ஒட்டி இருந்தால் அது "சைனா எக்ஸ்போர்ட்" முத்திரை, பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்வது. ஆக வண்டி அசல் பிராண்ட், ஸ்டிக்கர் மட்டும் டூப்ளிகேட் என்பது என் கணிப்பு.

தாமரைச்செல்வி

நித்யா, சிஇ எல்லாம் பார்க்காதீர்கள். ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், வட்டத்துக்குள் E என்றும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். அது இல்லாவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள். எங்கள் அண்ணி வாங்கியபோது அதைத்தான் முதலில் பார்த்தார்.

ஆய்வகத்தான்

குழந்தைப் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன். இங்கே மூன்று விஷயம் கலந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

தாமரை அம்மா சொல்லும் ஆரஞ்சு ஸ்டிக்கர் காரில் பொருத்தும் குழந்தை இருக்கைக்கு உரியது. வட்டத்துக்குள் இருக்கும் E-யும் எண்ணும் எந்த நாடு அங்கீகரித்தது என்று சொல்பவை, E1 என்றால் ஜெர்மனி, E4 என்றால் நெதர்லாந்து. ஸ்ட்ரோலரும் கார் இருக்கையும் சேர்ந்தே வரும் செட்டில் இருக்கையின் அடியில் அது இருக்கும். உங்கள் அண்ணி பார்த்தது அநேகமாக அப்படி ஒரு செட். தள்ளுவண்டியின் சட்டகத்தில் அது இல்லை என்பதால் வண்டி மோசம் என்றாகாது, இருக்கையில் அது இருப்பதால் வண்டி நல்லது என்றும் ஆகாது.

அப்புறம் "சைனா எக்ஸ்போர்ட்". இது பல ஆண்டுகளாக ஃபார்வர்டில் சுற்றிக்கொண்டே இருக்கும் கதை. அப்படி ஒரு தனி முத்திரை இருப்பதாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று ஐரோப்பிய ஆணையமே பதில் சொல்லியிருக்கிறது. சிஇ-க்கு எழுத்து வடிவமும் இடைவெளியும் வரையறுக்கப்பட்டிருப்பது உண்மைதான், வேலு அண்ணன் அந்த அளவில் சரி. இரண்டு எழுத்தையும் இரண்டு முழு வட்டங்களாக நீட்டி வரைந்தால், ஒரு வட்டத்தின் ஓரம் அடுத்த எழுத்தின் உள்வளைவைத் தொடும்படி வர வேண்டும். அப்படி வரவில்லை என்றால் முத்திரை தவறாக அச்சாகியிருக்கிறது என்று பொருள், அதைவிட அதிகமாக எதையும் அதிலிருந்து எடுக்க முடியாது. போலி ஆசாமிகள் சரியான இடைவெளியோடும் அச்சடிப்பார்கள், படக்கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

முக்கியமான விஷயம் வேறு. சாதாரண ஸ்ட்ரோலருக்குச் சிஇ முத்திரையே கிடையாது. சிஇ என்பது அதைக் கேட்கும் சட்டம் உள்ள பொருட்களுக்கு மட்டும்: பொம்மை, மின்சாதனம், இயந்திரம் இப்படி. தள்ளுவண்டி ஐரோப்பாவில் பொதுவான பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அந்தச் சட்டம் சிஇ கேட்பதில்லை. வண்டியோடு ஒரு கிலுகிலுப்பைக் கம்பி வந்தால் அந்தக் கம்பியில் சிஇ இருக்கலாம், மோட்டார் வைத்த வண்டி என்றால் இருக்கலாம். வெறும் பின்காலில் தனியாக ஒரு சிஇ ஸ்டிக்கர் என்றால், அதை ஒட்டியவருக்கு விதி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஐரோப்பிய விற்பனைக்கு வந்த வண்டியில் நான் தேடுவது EN 1888 என்ற தரநிலை எண். அதை ஏன் ஆண்டோடு பார்க்க வேண்டும் என்று அடுத்து சொல்கிறேன், முதலில் படங்கள் வேண்டும்.

ஆய்வகத்தான்

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள் நித்யா. முழு வண்டி இனி வேண்டாம்.

இருக்கைத் துணியைத் தூக்கி, அடியிலோ பக்கத் தையலிலோ சேர்த்துத் தைத்திருக்கும் துணி லேபிளின் இரண்டு பக்கமும். இரண்டு பின்கால்களை இணைக்கும் குறுக்குக் குழாயின் அடிப்பக்கமும், பின்கால்களின் உள்பக்கமும். மாடல் எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள ஸ்டிக்கர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், குனிந்தால்தான் தெரியும். மடிப்பு மூட்டு, இரண்டு பக்கமும், வண்டி விரிந்த நிலையில் ஒன்று, பாதி மடிந்த நிலையில் ஒன்று. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் கழற்றி உள்பக்கம்.

வெள்ளி ஸ்டிக்கரைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடவே கூடாது, எழுத்து வெளுத்துவிடும். பிளாஸ்டிக்கில் புடைத்து இருக்கும் எழுத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடித்தால் நிழல் விழுந்து தெளிவாகும். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது.

வேலு_ஓட்டுநர்

சார், சிஇ விஷயம் சரி. ஆனால் இமேஜ் சர்ச் தெளிவாக மாடலைக் காட்டும்போது சக்கரத்தைக் கழற்றச் சொல்வது கொஞ்சம் ஓவர் இல்லையா? படம் அப்படியே ஒன்றுக்கொன்று பொருந்துகிறது.

ஆய்வகத்தான்

எது பொருந்துகிறது என்று பாருங்கள் அண்ணே. இமேஜ் சர்ச்சுக்குப் பிடித்தது துணியின் நிறம், குடையின் வளைவு, தைத்த பெயர். மூன்றும் கழற்றி மாட்டக்கூடிய சமாச்சாரங்கள். ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே சட்டகம் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு துணியில் வெளிவருவதும் உண்டு. ஒரே பெயரில் வருடாவருடம் வரும் வண்டிகளில் துணி அப்படியே இருக்க, உள்ளே மடிப்பு மூட்டை மாற்றியிருப்பார்கள். அதனால் நான் வண்டியைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பேன்: சக்கரத்தில் எத்தனை ஆரம், பிரேக் மிதி ஒற்றையா இரட்டையா, மூட்டின் உருவம், பூட்டு எந்தப் பக்கம். துணியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

மூட்டு ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய கதை ஒன்று. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் குடை மாடல் வண்டிகள் சுமார் பத்து லட்சத்தைத் திரும்ப அழைத்தார்கள். வண்டியை விரிக்கும்போது மூட்டில் குழந்தையின் விரல் நுனி மாட்டித் துண்டான சம்பவங்கள் இருந்தன. தீர்வு, மூட்டின் மேல் மாட்டும் ஒரு உறை, அதை இலவசமாக அனுப்பினார்கள். அதாவது உறை மாட்டிய வண்டியும் மாட்டாத வண்டியும் தூரத்துப் படத்தில் ஒன்றுதான், கிட்டத்துப் படத்தில் மட்டும் வேறு. 2014-இல் கிராகோவும் இதே விரல் பிரச்சினைக்காக நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு அப்படிச் செய்தது, அங்கே எந்த வண்டி சேர்த்தி என்பதை மாடல் எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் வைத்துத்தான் பிரித்தார்கள். நிறத்தைச் சொல்லித் தேடினால் அந்தப் பட்டியலில் எதுவும் அகப்படாது.

அம்முவின்_அப்பா

தலைப்பில் பாதுகாப்பு முத்திரை என்று பார்த்ததால் இங்கேயே கேட்கிறேன், மன்னிக்கவும். எங்களிடம் ஒரு பால் பாட்டில் இருக்கிறது, பெட்டி தொலைந்துவிட்டது. அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருக்கிறது. 7 என்றால் விஷம், தூக்கிப் போடு என்று வீட்டில் ஒரே சண்டை. பாட்டில் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. "பிபிஏ ஃப்ரீ" என்றும் எழுதியிருக்கிறது. படத்தைப் போட்டால் யாராவது பிராண்ட் சொல்வீர்களா?

மழைச்சாரல்

7 என்றால் பாலிகார்பனேட். கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். 5 மட்டும்தான் நல்லது.

ஆய்வகத்தான்

மழைச்சாரல், பாதி சரி. பிபிஏ என்ற வேதிப்பொருளை வைத்துச் செய்யும் பாலிகார்பனேட்டுக்கு 7 போடுவார்கள், ஆனால் 7 என்றாலே பாலிகார்பனேட் இல்லை. ஒன்று முதல் ஆறு வரை தனித்தனி பிளாஸ்டிக்குக்கு ஒதுக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் ஏழில் போட்டார்கள். அது மறுசுழற்சிக்கான எண், பாதுகாப்புச் சான்று இல்லை. தேன் நிறத்தில் வரும் பிபிஎஸ்யூ-வும் ஏழுதான், கண்ணாடி போல் தெளிவாக வரும் டிரைடானும் ஏழுதான். முக்கோணத்தின் கீழே சின்ன எழுத்தில் PPSU என்றோ PC என்றோ இருக்கிறதா பாருங்கள், பதில் அங்கே இருக்கும். பாலிகார்பனேட் பால் பாட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இலும், அமெரிக்காவில் 2012-இலும் நின்றுபோனது, ஆக இன்று கவலைப்பட வேண்டியது பழைய இருப்பையும் பெயரில்லாச் சரக்கையும் பற்றித்தான். அதோடு, "பிபிஏ ஃப்ரீ" என்பது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது, யாரும் கொடுக்கும் முத்திரை கிடையாது. கிளாஸும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னமும் அப்படித்தான். உணவோடு படலாம் என்று தயாரிப்பாளர் அறிவிப்பது அது, வெளியார் சோதித்ததற்கு அடையாளம் இல்லை.

சரிபார்க்கக்கூடிய எண் உள்ள முத்திரை என்று பார்த்தால், இந்தியாவில் விற்பனைக்கு வந்த பாட்டிலில் ஐஎஸ்ஐ. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் சின்னத்துக்கு மேலே IS 14625, கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை BIS Care செயலியில் Verify Licence Details பகுதியில் போட்டால் உரிமம் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வரும். எண் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். வேறொருவரின் அசல் எண்ணை அப்படியே அச்சடிப்பது மிகச் சுலபம். பாட்டிலில் உள்ள நிறுவனப் பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், பொருளும் பால் பாட்டிலாக இருக்க வேண்டும்.

உங்கள் சிக்கல், பெட்டி இல்லை என்பது. முத்திரை பெட்டியில் மட்டும் இருந்திருக்கலாம். அப்படியானால் எத்தனை படம் போட்டாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

அம்முவின்_அப்பா

PPSU என்றே இருக்கிறது சார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம்! ஆனால் நிறுவனப் பெயர் எங்கேயும் இல்லை. மூடியில் ஒரு முயல் படம் மட்டும்.

ஆய்வகத்தான்

பெயரே இல்லாத பொருளில் PPSU என்று யார் வேண்டுமானாலும் அச்சு வெட்டலாம். நான் பயன்படுத்த மாட்டேன். முடிவு உங்களுடையது.

நித்யமல்லி

படங்கள் வந்துவிட்டன! விற்பவருக்குக் கொஞ்சம் கோபம், "வாங்குவதற்கு இவ்வளவா" என்றார். பரவாயில்லை.

துணி லேபிள் நிறையத் துவைத்து மங்கியிருக்கிறது. EN 1888:2003 என்று படிக்க முடிகிறது, அதன் கீழே ஒரு நிறுவனப் பெயர், அது குடைத்துணியில் உள்ள பெயர் இல்லை! மாடல் என்று நான்கு இலக்க எண், முடிவில் ஒரு எழுத்து, அது B-யா 8-ஆ தெரியவில்லை. குறுக்குக் குழாயில் ஸ்டிக்கர் கிழிந்துபோய்ப் பசை மட்டும் இருக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்பு. அது என்ன?

ஆய்வகத்தான்

அந்த வட்டத்துக்காகத்தான் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். பிளாஸ்டிக் பாகத்தை வார்க்கும் அச்சில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சுழலும் துண்டு செருகியிருப்பார்கள். சுற்றி மாதங்கள், அம்பு காட்டுவது வார்த்த மாதம், அம்பின் இரு பக்கமும் உள்ள இரண்டு இலக்கம் ஆண்டு. ஒவ்வொரு பாகத்திலும் தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் அம்பு எதைக் காட்டுகிறது, நடு எண் என்ன என்று எழுதுங்கள். மூட்டின் உள்பக்கத்திலும் ஒன்று இருக்க வேண்டும், தேடுங்கள்.

நித்யமல்லி

பின்சக்கரம் இரண்டிலும் நடுவில் 0, 9. அம்பு 10-ஐக் காட்டுகிறது. மூட்டில் 09, அம்பு 11. முன்சக்கரங்களில் 15, அம்பு 4.

ஆய்வகத்தான்

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மூட்டு வார்த்தது 2009 நவம்பர், பின்சக்கரம் 2009 அக்டோபர். இவை பாகத்தின் தேதிகள், வண்டி பூட்டிய தேதி இல்லை. ஆனால் பாகங்களைக் கிடங்கில் பத்து வருடம் வைத்துவிட்டு 2019-இல் வண்டி பூட்டுவது நடக்காத காரியம். ஆக சட்டகம் 2009 கடைசி அல்லது 2010. துணி லேபிளில் உள்ள தரநிலை 2003 பதிப்பு. அதற்கு அடுத்த பதிப்பு 2012-இல் வந்தது, அதற்கப்புறம் 2018-இல் EN 1888-1, EN 1888-2 என்று இரண்டாகப் பிரித்தார்கள், முதலாவது 15 கிலோ வரை உள்ள குழந்தைகளுக்கு, இரண்டாவது அதற்கு மேல் 22 கிலோ வரை. 2003 என்று போட்ட லேபிளும் 09 என்ற மூட்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றன. உண்மையிலேயே 2019-இல் ஐரோப்பாவுக்குச் செய்த வண்டியில் 2003 பதிப்பு எண்ணைப் போட்டிருக்க மாட்டார்கள். ஒத்துப்போகாதது அந்தச் சிஇ ஸ்டிக்கர் ஒன்றுதான். அது பின்னால் ஒட்டியது.

முன்சக்கரம் 2015, அதாவது மாற்றியிருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, தேய்வது அதுதான். குடைத்துணி இன்னொரு பிராண்டுடையது. வேலு அண்ணனின் இமேஜ் சர்ச் பொய் சொல்லவில்லை, அது அந்தத் துணியைச் சரியாகக் கண்டுபிடித்தது. துணிக்குக் கீழே வேறு வண்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

இருக்கைத் துணி சட்டகத்தோடு வந்ததா என்பதுதான் இனி கேள்வி. லேபிள் இருக்கைத் துணியில் தைத்ததா, குடைத்துணியில் தைத்ததா?

நித்யமல்லி

இருக்கைத் துணியில். ஆனால் பெல்ட் புதிதாகத் தெரிகிறது, கறுப்பு நிறம், துணியெல்லாம் வெளுத்திருக்க அது மட்டும் பளிச்சென்று. தோள் பெல்ட்டும் இடுப்பு பெல்ட்டும் இருக்கின்றன, காலுக்கு நடுவே வரும் பட்டை இல்லை.

வேலு_ஓட்டுநர்

இப்போது கேட்டால் எனக்கும் கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் பழைய வண்டி என்பதற்காகவே ஒதுக்கிவிட முடியுமா? அந்தக் காலத்து இரும்பு இப்போது வருவதைவிடக் கெட்டி. பூட்டு, பிரேக் சரியாக இருந்தால் ஓட்டலாம் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் மூன்று குழந்தைகள் ஒரே வண்டியில் வளர்ந்தார்கள்.

ஆய்வகத்தான்

பழையது என்பதற்காக நானும் ஒதுக்கமாட்டேன் அண்ணே. என் தயக்கம் பெல்ட் விஷயத்தில். காலுக்கு நடுவே பட்டை இல்லாவிட்டால் குழந்தை சறுக்கிக் கீழே போகும், இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு, அப்புறம் நெஞ்சுக்கு, அப்புறம் கழுத்துக்கு என்று ஏறும். கழுத்து நிற்காத குழந்தைக்கு இது மிக மோசம். ஒரு வண்டியைத் தரநிலைப்படி சோதிக்கும்போது அந்தச் சட்டகம், அந்த இருக்கை, அந்த பெல்ட் என்று சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். ஒன்றை மாற்றிய பிறகு லேபிளில் உள்ள எண் அந்தச் சேர்க்கையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. லேபிள் அசல், வண்டி பாதி வேறு. அதோடு லேபிளில் EN எண் இருக்கிறது என்றாலே யாரோ வெளியார் சான்று கொடுத்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது தயாரிப்பாளரின் சொல். சோதனை நிறுவனத்தின் முத்திரையும் எண்ணும் தனியாக இருந்தால் அதை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம், இங்கே அது இல்லை.

தாமரைச்செல்வி

அப்படியென்றால் அமெரிக்க வண்டி வாங்கினால் பிரச்சினை இல்லையா? "சிபிஎஸ்சி அப்ரூவ்டு" என்று போட்டுச் சில விளம்பரம் பார்த்தேன்.

ஆய்வகத்தான்

அப்படிப் போட்டிருந்தால் அதையே சந்தேகக் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. சிபிஎஸ்சி என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அது எந்தப் பொருளுக்கும் ஒப்புதல் முத்திரை தருவதில்லை. அங்கே ஸ்ட்ரோலர் கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய விதி இருக்கிறது, ASTM F833 என்ற தரநிலையை ஒட்டியது. நமக்கு உதவுவது அவர்கள் கட்டாயமாக்கிய லேபிள்: தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாடல் எண், தயாரித்த தேதி எல்லாம் வண்டியிலேயே அழியாதபடி இருக்க வேண்டும். ஜேபிஎம்ஏ என்ற முத்திரை தொழில்துறைச் சங்கம் தருவது, விருப்பத்தின் பேரில் வாங்குவது. அது இருந்தால் நல்லது, அவர்கள் தளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மோசம் என்று பொருள் இல்லை.

நித்யமல்லி

சார், ஒரு கடைசி கேள்வி. துணி லேபிளில் உள்ள நிறுவனப் பெயரையும் மாடல் எண்ணையும் வைத்து, திரும்ப அழைத்த பட்டியலில் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

ஆய்வகத்தான்

அமெரிக்காவுக்கு cpsc.gov/Recalls, ஐரோப்பாவுக்கு Safety Gate. பல நாட்டுப் பட்டியலைச் சேர்த்துத் தேட globalrecalls.oecd.org. நிறுவனப் பெயரைத் தனியாக ஒரு முறை, மாடல் எண்ணைத் தனியாக ஒரு முறை போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் சில சமயம் ஒன்றும் வராது. B, 8 இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்றும் வரவில்லை என்றால், பட்டியலில் இல்லை என்பது மட்டுமே உறுதி. பெயரை மாற்றி விற்ற வண்டி இன்னொரு பெயரில் பட்டியலில் இருக்கலாம், அதனால் கிடைக்கும் அறிவிப்புகளின் படத்தில் மூட்டை உங்கள் மூட்டோடு ஒப்பிடுங்கள்.

நித்யமல்லி

தேடினேன். நிறுவனப் பெயரில் ஒரு அறிவிப்பு வருகிறது, அதே நான்கு இலக்கம், ஆனால் முடிவில் A. மூட்டின் படம் அதில் சின்னதாகத்தான் இருக்கிறது, என் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிறது. மாடலின் கடைசி எழுத்து வேறு என்றால் நம்முடையது அதில் சேராதா?

மழைச்சாரல்

எழுத்து வேறு என்றால் வேறு மாடல்தான். கவலை வேண்டாம்.

வேலு_ஓட்டுநர்

மழை, கடைசி எழுத்து நிறத்துக்கும் போடுவார்களே. என் வண்டி உதிரிபாகத்தில் அப்படித்தான், நம்பர் ஒன்று, எழுத்து மட்டும் கலருக்கு.

ஆய்வகத்தான்

வேலு அண்ணன் சொல்வதுபோல் நிறமாகவும் இருக்கலாம், மூட்டைத் திருத்திய பிறகு வந்த புதுப் பதிப்பாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் உங்கள் வண்டியும் அதே மூட்டோடுதான் இருக்கிறது, இரண்டாவது என்றால் திருத்திய மூட்டு. படத்தை வைத்து நான் சொன்னால் அது ஊகம். அறிவிப்பில் தயாரிப்புத் தேதி வரம்பு இருக்கும், 2009 நவம்பர் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், துணி லேபிளையும் மூட்டில் உள்ள தேதி வட்டத்தையும் படமெடுத்து, அந்த அறிவிப்பிலேயே உள்ள நிறுவன முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விற்பவருக்கு முன்பணம் எதுவும் அனுப்பாதீர்கள்.

நித்யமல்லி

வரம்புக்குள் வருகிறது. எழுதியிருக்கிறேன். விற்பவரிடம் கால் நடுப் பட்டை எங்கே என்று கேட்டேன், "அது வாங்கும்போதே இல்லை" என்கிறார். இருக்கைத் துணியின் நடுவில் பட்டை வரும் துளை மட்டும் தைத்து மூடியிருப்பது படத்தில் நன்றாகவே தெரிகிறது.